காபி, கால்சியம், இரும்பு மாத்திரை: எதை எப்போது போடுவது

"எனக்கு இது முதல் பிரசவம், 22 வாரம் ஆகுது. போன வாரம் ஹீமோகுளோபின் 9.4 இருக்குன்னு சொல்லி சிவப்பு இரும்புச்சத்து மாத்திரை காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு போடச் சொன்னாங்க. கால்சியம் மாத்திரையும் ரெண்டு வேளை. காலையில டிபன், காபியோட சேர்த்தே ரெண்டையும் போட்டுடறேன். ராத்திரி குங்குமப்பூ போட்ட பாலோட. போட்ட அரை மணி நேரத்துல குமட்டுது, ரெண்டு நாள் வாந்தியும் வந்துச்சு. மலம் கன்னங்கரேல்னு போகுது, இறுகியும் போச்சு. மாத்திரை சூடு, குழந்தை கறுப்பா பிறக்கும்னு மாமியார் சொல்றாங்க. கொடுத்த துண்டுப் பிரசுரத்துல 'தவறாமல் உட்கொள்ளவும்'னு மட்டும்தான் போட்டிருக்கு. மாத்திரையை நிறுத்திட்டு பேரீச்சம்பழம், மாதுளை, பீட்ரூட் ஜூஸ்னு சாப்பிட்டா போதாதா?"

போதாது. ஆனால் இப்போது நீங்கள் போடுகிற முறையில் மாத்திரையும் பெரும்பகுதி வீணாகத்தான் போகிறது. காலையில் காபியும் கால்சியமும், இரவில் பாலும் கால்சியமும் சேர்ந்து இரும்பை உடம்புக்குள் விடாமல் தடுக்கின்றன. உள்ளே போகாத இரும்பு குடலிலேயே தங்கி வயிற்றைப் புரட்டுகிறது, மலத்தைக் கறுப்பாக்குகிறது, இறுக்குகிறது. பலன் கிடைக்காமல் தொல்லையை மட்டும் அனுபவிக்கிறீர்கள். மாத்திரையை நிறுத்த வேண்டாம், போடுகிற நேரத்தை மாற்றுங்கள்.

முதலில் அந்த 9.4. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை என்று கணக்கு. 10 முதல் 10.9 வரை லேசானது, 7 முதல் 9.9 வரை நடுத்தரம், 7-க்குக் கீழே போனால் கடுமையானது. நீங்கள் நடுத்தரத்தின் மேல் பக்கத்தில் இருக்கிறீர்கள். ரத்தசோகை இல்லாத கர்ப்பிணிக்கு நாலாவது மாதத்திலிருந்து தினம் ஒரு மாத்திரை. அது வராமல் காக்கிற அளவு. உங்களுக்கு இரண்டு கொடுத்திருப்பது, வந்துவிட்டதைச் சரிசெய்கிற அளவு. பக்கத்து வீட்டுப் பெண் ஒன்றுதான் போடுகிறார் என்பதற்காக நீங்களாக ஒன்றைக் குறைத்துவிடாதீர்கள்.

அரசு கொடுக்கிற சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். முன்பு 100 மில்லிகிராம் இரும்பு உள்ள மாத்திரை கொடுத்தார்கள். 2018-ல் வந்த 'அனீமியா முக்த் பாரத்' திட்டத்தில் அது 60 ஆனது. உங்கள் அட்டையில் எது அச்சாகியிருக்கிறது என்று ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

கடையில் வாங்கும் மாத்திரை என்றால் இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். 'ஃபெரஸ் சல்பேட்', 'ஃபெரஸ் ஃபியூமரேட்' என்ற பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் எண் அந்த உப்பின் மொத்த எடையாகவும் இருக்கலாம். நமக்கு வேண்டியது 'எலிமென்டல் அயர்ன்' என்று போட்டிருக்கும் எண். 200 மில்லிகிராம் உலர் ஃபெரஸ் சல்பேட்டில் உண்மையான இரும்பு 65 மில்லிகிராம் அளவுதான். இது தெரியாமல் "200 இருக்கே, ஒன்றே போதும்" என்று நினைப்பவர்கள் உண்டு.

இனி காபி. காபியிலும் டீயிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள் இரும்பைப் பிடித்துக்கொண்டு குடல் உறிஞ்ச முடியாதபடி ஆக்கிவிடும். சாப்பாட்டோடு காபி குடித்தால் இரும்பு உறிஞ்சப்படுவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைகிறது, டீயில் 60 சதவீதத்துக்கும் மேல் என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அதே சோதனையில் நம் ஊர்ப் பழக்கத்துக்கு நேராகப் பொருந்துகிற ஒரு விஷயமும் தெரிந்தது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்த காபியால் கெடுதல் இல்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்ததோ, சேர்த்துக் குடித்த அளவுக்கே கெடுத்தது. சாப்பாடு அப்போது இன்னும் வயிற்றில்தானே இருக்கிறது. ஆகவே விடிகாலைக் காபியை விட வேண்டியதில்லை. டிபனுக்குப் பிறகு குடிக்கிற இரண்டாவது காபிதான் விட வேண்டியது.

கால்சியத்தின் கதை வேறு. அதுவும் உங்களுக்குத் தேவை, நிறுத்தக் கூடாது. ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் குடலுக்குப் போனால் இரும்பு பின்தங்கிவிடும். நடுவில் குறைந்தது 2 மணி நேரம் விட வேண்டும். பாலுக்கும் அதே விதி. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிற திரவ மருந்தும் இந்தக் கூட்டத்தில் சேரும். பலர் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. இரும்பு மாத்திரையால் வயிறு எரிகிறது என்று அதைக் குடிப்பார்கள், அது அந்த இரும்பையே தடுத்துவிடும்.

இதையெல்லாம் வைத்து உங்கள் நாளை இப்படி மாற்றிப் பாருங்கள். காலை 6 மணிக்கு எழுந்ததும் காபி. 8 மணிக்கு டிபன், டிபன் முடித்ததும் முதல் கால்சியம். கால்சியம் சாப்பாட்டோடு சேர்ந்தால் நன்றாக ஏறும், அதனால் அது இட்லி தோசையோடு போகட்டும். 10.30-லிருந்து 11 மணிக்குள் முதல் இரும்பு மாத்திரை. டிபன் செரித்திருக்கும், கால்சியமும் கடந்திருக்கும், மதியச் சாப்பாட்டுக்கும் இன்னும் நேரம் இருக்கும். மதியம் 1 மணிக்குச் சாப்பாடு, அப்போது எந்த மாத்திரையும் வேண்டாம். மாலை 4 மணிக்கு வேண்டுமானால் இன்னொரு காபி. இரவு 7.30-க்குச் சாப்பாடும் இரண்டாவது கால்சியமும். குங்குமப்பூப் பால் வேண்டுமென்றால் அதுவும் அப்போதே. 10 மணிக்குப் படுக்கப் போகும் முன் இரண்டாவது இரும்பு மாத்திரை. போட்ட உடனே சாயாமல் ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்திருங்கள், இல்லையென்றால் நெஞ்சுக்கு ஏறும்.

இரவுச் சாப்பாடு 9 மணிக்குத்தான் முடியும் வீடுகளில் இந்தக் கடைசிப் பகுதி சரிவராது. அப்படியானால் இரண்டாவது கால்சியத்தை மதியச் சாப்பாட்டுக்குத் தள்ளிவிட்டு, இரும்பை மாலை 6.30 வாக்கில் போடலாம். மாலைக் காபி 4 மணிக்கே முடிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். தைராய்டு மாத்திரை போடுபவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அதற்கும் இரும்புக்கும் நடுவே 4 மணி நேரம் தேவை. காலை 6 மணிக்கு வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போட்டால், 11 மணி இரும்பு அதற்குத் தொந்தரவு செய்யாது.

மாத்திரையை ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு முழுதாக விழுங்குங்கள். கடிக்கவோ பொடிக்கவோ வேண்டாம், பொடித்தால் வாயில் துருச்சுவை மணிக்கணக்கில் நிற்கும். கூடவே பெரிய நெல்லிக்காயில் பாதி, அல்லது அரைக் கொய்யாப்பழம். இவற்றில் உள்ள வைட்டமின் சி இரும்பைக் குடல் எளிதில் எடுத்துக்கொள்ளும் வடிவில் வைத்திருக்கும். எலுமிச்சைச் சாறும் ஆகும், ஆனால் நெல்லிக்காயோடு ஒப்பிட்டால் அதில் வைட்டமின் சி மிகவும் குறைவு. சர்க்கரையைக் கொட்டி ஜூஸாகக் குடிக்க வேண்டியதில்லை.

இனி குமட்டல். இரும்பு இரைப்பையின் உள்தோலை உறுத்துவதால் வருவது இது. வயிறு காலியாக இருந்தால் இரும்பு நன்றாக ஏறும், உறுத்தலும் கூடும். இந்த இழுபறியில் எங்கே நிறுத்துவது என்பது ஆளுக்கு ஆள் வேறு. மேலே சொன்ன நேரத்தில் போட்டும் குமட்டினால், மாத்திரைக்கு முன் ஒரு வாழைப்பழமோ ஒரு கைப்பிடி பொரியோ சாப்பிடுங்கள். பால், பிஸ்கட்-டீ வேண்டாம். அதற்கும் அடங்கவில்லை என்றால் சாப்பாடு முடித்த உடனேயே போடுங்கள். இரும்பு கொஞ்சம் குறைவாக ஏறும், உண்மைதான். ஆனால் குமட்டலுக்குப் பயந்து வாரத்தில் நாலு நாள் விட்டுவிடுவதைவிட, கொஞ்சம் குறைவாக ஏறினாலும் ஏழு நாளும் போடுவது மேல். அப்படிப் போடும்போது கால்சியத்தை அந்த வேளையிலிருந்து நகர்த்திவிட மறக்காதீர்கள்.

இரண்டு இரும்பு மாத்திரையையும் சேர்த்து ஒரே வேளையில் விழுங்கி "வேலை முடிந்தது" என்று இருப்பவர்களுக்குத்தான் வாந்தி அதிகம் வருகிறது. அளவு கூடக் கூடக் குமட்டல் கூடும். ஒரு வேளை மறந்துவிட்டால் அன்றைக்கே நினைவு வந்தபோது போடலாம். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் விட்டதை விட்டுவிடுங்கள், இரட்டிப்பாகப் போட்டு ஈடுகட்ட வேண்டாம். போட்ட சில நிமிடத்திலேயே மாத்திரை முழுசாக வெளியே வந்துவிட்டால், வயிறு அடங்கியதும் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். அரை மணி நேரம் கழித்து வந்த வாந்திக்கு அது தேவையில்லை.

பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் வயிறு பழகிவிடும். இரண்டு வாரம் நேரம் மாற்றிப் பார்த்தும் தினமும் வாந்தி என்றால் அட்டையை எடுத்துக்கொண்டு நர்சம்மாவிடமோ டாக்டரிடமோ போங்கள். வேறு உப்பில் உள்ள மாத்திரை, குறைந்த அளவு, திரவ மருந்து என்று மாற்ற வழி உண்டு. எதுவுமே ஒத்துக்கொள்ளவில்லை என்றால் டிரிப்ஸ் வழியாக இரும்பு ஏற்றுவார்கள். வாங்கிய மாத்திரையை அலமாரியில் சேர்த்து வைத்துக்கொண்டு, "போடறீங்களா" என்று கேட்கும்போது தலையாட்டுவதுதான் ஆபத்து. மாத்திரை போட்டும் ரத்தம் ஏறவில்லை என்று நினைத்து அவர்கள் தேவையில்லாத சோதனைகள் பக்கம் போவார்கள்.

கறுப்பு மலத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உறிஞ்சப்படாத இரும்பு குடலில் கந்தகத்தோடு சேர்ந்து கறுப்பாகிறது. மாத்திரை வயிற்றுக்குள் போயிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். நிறம் பச்சை கலந்த கறுப்பாக இருக்கும், உருவம் வழக்கம்போல் இருக்கும். பயப்பட வேண்டிய கறுப்பு வேறு: தார் போலப் பளபளவென்று ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் ஊற்றினாலும் போகாது, நாற்றம் சகிக்க முடியாது, கூடவே வயிற்றுவலி, தலைசுற்றல் அல்லது காபித்தூள் நிறத்தில் வாந்தி இருக்கும். அது வயிற்றுக்குள் ரத்தம் கசிவது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மலச்சிக்கலுக்கு முழுப் பழியையும் மாத்திரை மேல் போட முடியாது. கர்ப்ப காலத்தில் சுரக்கும் ஹார்மோன் குடலின் வேகத்தைக் குறைத்துவிடுகிறது, இரும்பு அதன் மேல் இன்னும் கொஞ்சம் இறுக்குகிறது. நாளைக்கு எட்டு முதல் பத்து டம்ளர் தண்ணீர், மதியம் வாழைத்தண்டு அல்லது அவரைக்காய் பொரியல், 11 மணி மாத்திரையோடு அந்தக் கொய்யா, மாலையில் அரை மணி நேரம் நடை. ராத்திரி ஊறவைத்த பத்துப் பதினைந்து உலர்திராட்சையை ஊறிய தண்ணீரோடு காலையில் சாப்பிடுவது நிறையப் பேருக்குக் கைகொடுக்கிறது. அப்படியும் மூன்று நாளாகப் போகவில்லை என்றால் கர்ப்பிணிக்கு ஏற்ற மருந்து டாக்டர் தருவார். விளக்கெண்ணெய், பேதி மாத்திரை, நிலாவாரைப் பொடி எதையும் வீட்டில் முயன்று பார்க்காதீர்கள்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி, சாப்பாடு. கர்ப்பிணிக்கு நாளைக்கு 27 மில்லிகிராம் இரும்பு உணவில் இருக்க வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆர். நீங்கள் சொன்ன மூன்றையும் அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 100 கிராம் மாதுளை முத்துகளில் அரை மில்லிகிராம்கூட இல்லை. 100 கிராம் பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராமுக்கும் கீழே. அதன் சிவப்பு ஒரு சாயம், இரும்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நாலைந்து பேரீச்சம்பழத்தில் ஒன்றிரண்டு மில்லிகிராம். சாப்பிட வேண்டாம் என்று சொல்லவில்லை. ரத்தம் ஊறும் என்று நம்பி இவற்றின் மேல் பாரத்தைப் போடக் கூடாது. பேரீச்சம்பழ சிரப் பாட்டிலில் இரும்பைவிடச் சர்க்கரைதான் அதிகம், கர்ப்பகாலச் சர்க்கரை உள்ளவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

உண்மையில் இரும்பு உள்ள சாப்பாடு எது என்று ஒரு மதியத் தட்டை வைத்தே பார்க்கலாம். ஒரு கட்டிலிருந்து ஆய்ந்த 100 கிராம் கீரை, தண்டுக்கீரையோ முருங்கைக்கீரையோ, ஏறக்குறைய நாலரை மில்லிகிராம் தரும். 40 கிராம் உலர்ந்த கறுப்புக் கொண்டைக்கடலையில் செய்த சுண்டலில் இரண்டரை. ஒரு முட்டையில் ஒன்று. ஆக எட்டு மில்லிகிராம். நல்ல தட்டுதான். ஆனால் கீரையிலும் பயறிலும் இருக்கிற இரும்பு சுலபமாக ஏறாது, பத்தில் ஒரு பங்கு ஏறினாலே அதிர்ஷ்டம். அதாவது இந்தத் தட்டிலிருந்து உடம்புக்குள் போய்ச் சேருவது ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. கர்ப்பத்தின் இந்தப் பாதியில் உடம்புக்குள் போய்ச் சேர வேண்டியது தினம் 4 முதல் 6 மில்லிகிராம். ஒரு மாத்திரையின் 60 மில்லிகிராமில் அதே பத்தில் ஒரு பங்கு ஏறினாலும் 6 வந்துவிடுகிறது. அதனால்தான் மாத்திரைக்குப் பதில் சாப்பாடு என்ற கணக்கு ஒத்துவருவதில்லை.

சாப்பாட்டில் உள்ள அந்தக் கொஞ்ச இரும்பையும் முழுசாகப் பிடிக்கச் சமையலறையில் சில வேலைகள் செய்யலாம். எலுமிச்சையைக் கீரையிலும் ரசத்திலும் அடுப்பை அணைத்த பிறகு பிழியுங்கள், கொதிக்கவிட்டால் வைட்டமின் சி போய்விடும். பச்சைப்பயறு, கொண்டைக்கடலை எதுவானாலும் ராத்திரி ஊறவைத்து, முடிந்தால் முளைகட்டி, நன்றாக வேகவையுங்கள். தானியத்திலும் பயறிலும் இரும்பைப் பூட்டி வைத்திருக்கும் பொருள் ஊறும்போதும் முளைக்கும்போதும் குறைகிறது. புளித்த இட்லி மாவுக்கும் கேழ்வரகுக் கூழுக்கும் அதே நன்மை உண்டு. புளிக்குழம்பை இரும்புச் சட்டியில் வையுங்கள், புளிப்பில் சட்டியின் இரும்பு கொஞ்சம் கரைந்து குழம்பில் இறங்கும். சமைத்ததும் வேறு பாத்திரத்தில் மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் குழம்பு கறுத்துத் துருவாடை அடிக்கும். அலுமினியத்திலும் நான்-ஸ்டிக்கிலும் வைத்தால் இந்தப் பலன் கிடையாது.

அசைவம் சாப்பிடுபவர் என்றால் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. இறைச்சியில் உள்ள இரும்பின் ஒரு பகுதி வேறு வடிவம், காபி, டீயால் அது அவ்வளவாகப் பாதிக்கப்படாது. கூடச் சாப்பிடும் கீரையின் இரும்பையும் இறைச்சி இழுத்துக்கொண்டு போகும். நம் ஊரில் ரத்தம் குறைந்தவர்களுக்கு வாங்கிக் கொடுக்கும் சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், வீண் நம்பிக்கை இல்லை, அதில் இரும்பு நிறைய உண்டு. ஆனால் நன்றாக வேக வேண்டும், கர்ப்பிணிக்கு அரைவேக்காடு ஆகாது. ஈரல் விஷயத்தில் நிதானம் வேண்டும். அதில் இரும்பு மட்டுமல்ல, வைட்டமின் ஏ-யும் மிக அதிகம், அளவு மீறினால் கருவுக்குக் கெடுதல். முதல் மூன்று மாதம் ஈரலே வேண்டாம். அதற்குப் பிறகும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு சாப்பிடுங்கள்.

மாமியார் சொன்னதற்கு வருவோம். குழந்தையின் நிறம் அப்பா அம்மாவிடமிருந்து வருவது. இரும்பு மாத்திரைக்கும் அதற்கும் தொடர்பில்லை, குங்குமப்பூவுக்கும் இல்லை. மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்து யாரோ கட்டிய கதையாக இருக்க வேண்டும். 'சூடு' என்பது பெரும்பாலும் வயிற்று எரிச்சலையும் மலச்சிக்கலையும் சேர்த்துச் சொல்கிற சொல். அந்த இரண்டும் உண்மையான தொல்லைகள், மாமியார் கற்பனையாகச் சொல்லவில்லை. அவரோடு வாதாடுவதைவிட நெல்லிக்காயை நறுக்கித் தரச் சொல்லி, 11 மணி மாத்திரையை நினைவூட்டும் பொறுப்பையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

இப்படி ஒழுங்காகப் போட்டால் நாலு வாரம் கழித்து ஹீமோகுளோபின் குறைந்தது ஒரு கிராம் ஏறியிருக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் 26-வது வாரத்தில் 10.4 அல்லது அதற்கு மேல். முடிந்தவரை அதே இடத்தில் பாருங்கள். விரலில் குத்திப் பார்க்கிற கருவிக்கும் லேபில் பார்ப்பதற்கும் அரை கிராம் வித்தியாசம் சாதாரணமாக வரும். அந்த நாலு வாரத்தில் எத்தனை மாத்திரை போட்டீர்கள் என்பதைத் தாய்-சேய் அட்டையின் ஓரத்தில் கோடு போட்டுக் குறித்து வையுங்கள். 56-ல் 50 போட்டும் ஏறவில்லை என்றால் டாக்டர் காரணத்தை வேறு பக்கம் தேடுவார்: குடற்புழு, பி12 குறைவு, தொற்று, அல்லது தலசீமியா போன்ற பரம்பரைக் கோளாறு. 20 மட்டும் போட்டு ஏறவில்லை என்றால் காரணம் அங்கேயே இருக்கிறது. குடற்புழு மாத்திரையை இரண்டாவது மூன்று மாதத்தில் ஒரு தடவை கொடுப்பார்கள், உங்களுக்குக் கொடுத்தாயிற்றா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நெஞ்சு படபடவென்று அடிப்பது, மயக்கம் வருவது, முகம் வீங்குவது, இவற்றில் ஏதாவது இருந்தால் நாலு வாரம் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே போக வேண்டும்.

11-ஐத் தொட்டுவிட்டால் மாத்திரையை மூட்டை கட்டிவிடுவது அடுத்த தவறு. அப்போது அளவை ஒன்றாகக் குறைப்பார்கள், நிறுத்தமாட்டார்கள். பிரசவத்தில் அரை லிட்டர் ரத்தம் போனால் அதோடு 200 மில்லிகிராம் இரும்பும் போகிறது. அதனால்தான் பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் தினம் ஒன்று என்று வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் குழந்தையைப் பார்க்கிற அவசரத்தில் முதலில் நின்றுபோவது இந்த மாத்திரைதான். அட்டையைப் பால் கொடுக்க உட்காருகிற இடத்தில் கண்ணில் படுகிற மாதிரி வையுங்கள்.

கண்ணில் படலாம், சின்னக் குழந்தையின் கைக்கு எட்டக் கூடாது. சிவப்பு நிறம், மேலே சர்க்கரைப் பூச்சு, குழந்தைக்கு அது மிட்டாய். பத்துக் கிலோ எடையுள்ள ஒரு வயதுக் குழந்தை 60 மில்லிகிராம் மாத்திரையில் மூன்றை விழுங்கினாலே வாந்தி, வயிற்றுப்போக்கு தொடங்கும் அளவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். பத்து மாத்திரை உயிருக்கு ஆபத்தான அளவு. முதலில் வாந்தி எடுத்துவிட்டுச் சில மணி நேரம் தெளிவாக இருப்பது போலத் தோன்றும், அதற்குப் பிறகுதான் உடம்பு சரியும். அந்தத் தெளிவை நம்பி வீட்டில் காத்திருக்கக் கூடாது. பக்கத்து வீட்டுக் குழந்தையோ அக்கா குழந்தையோ இந்த மாத்திரையை விழுங்கியது தெரிந்தால், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காமல் 108-ஐ அழையுங்கள். காலி அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள், எத்தனை குழி காலி என்று எண்ணித்தான் டாக்டர் அளவைக் கணக்கிடுவார்.